ஆண்டு விழாவைப் படம்பிடிக்க அனுமதி கேட்ட கடிதம்: கடலோரப் பள்ளி ஒன்றின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லைக்கு அருகில் உள்ள அரசு உதவி பெறும் நடுநிலைப் பள்ளி ஒன்றில் நடந்தது இது. பிள்ளைகளில் பெரும்பகுதி கடலோர ஊர்க்காரர்கள். தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை பக்கத்து ஆண்கள் ஆழ்கடல் விசைப்படகில் ஏறினால் ஒரு மாதமாவது கரைக்கு வரமாட்டார்கள். மற்றவர்களில் பலருக்கு அப்பா வளைகுடாவில். சில வீடுகளில் அம்மா நர்ஸாக வெளிநாட்டில் இருக்க, பிள்ளைகளைப் பாட்டி வளர்க்கிறார். பக்கத்தில் இருக்கும் குழந்தைகள் இல்லம் ஒன்றிலிருந்தும் சில பிள்ளைகள் இங்கே படிக்கிறார்கள்.

பள்ளியின் ஆண்டு விழா பிப்ரவரியில் மாலை நேரத்தில் நடக்கும். வரும் கூட்டத்தில் அம்மாக்களும் பாட்டிகளும்தான் அதிகம். வராத அப்பாக்களுக்குக் காட்டுவதற்காக ஆளாளுக்குக் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் உட்கார்ந்திருப்பவர்களுக்கு மேடை தெரியாது, சத்தம் வரும், ஒவ்வோர் ஆண்டும் இது ஒரு சண்டை. வீடியோ காலில் நேரடியாகக் காட்டலாம் என்றால் துபாயில் இருப்பவருக்கு வாட்ஸ்அப் அழைப்பு வேலை செய்யாது, படகில் இருப்பவருக்குச் சிக்னலே கிடையாது. பதிவு செய்து பிறகு கொடுப்பது ஒன்றுதான் இரண்டு பேருக்கும் பொருந்தும்.

அந்த ஆண்டு நான்காம் வகுப்பு மாணவி ஒருவரின் அம்மா இதை ஒழுங்காகச் செய்ய நினைத்தார். கணவர் கொச்சியிலிருந்து புறப்படும் படகில் வேலை செய்பவர். விழாவை ஒரே கேமராவில் எடுத்து எல்லாப் பெற்றோருக்கும் கொடுக்க அனுமதி கேட்டு ஜனவரி தொடக்கத்தில் தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதம் திருத்தி எழுதப்பட்டபோது பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினராக உடனிருந்தவன் என்ற முறையில் நடந்ததைப் பதிவு செய்கிறேன்.

முதல் கடிதமும் அது திரும்பி வந்த விதமும்

முதல் கடிதம் ஒரு பக்கம். ‘பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்’ மூன்று இடத்தில் இருந்தது. விஷயம் ஒரே வரி: ஆண்டு விழாவை வீடியோ எடுத்துப் பெற்றோர்களுக்குப் பகிர அனுமதி வேண்டும், ஊரில் உள்ள ஸ்டுடியோக்காரர் இலவசமாக எடுத்துத் தரச் சம்மதித்திருக்கிறார்.

தலைமையாசிரியர் மறுக்கவில்லை, கையெழுத்தும் போடவில்லை. ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறிகள் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். நேரில் அவர் சொன்னது ஏறக்குறைய இதுதான்: “எடுக்கிறதுல எனக்குப் பிரச்சனை இல்ல. எடுத்தது எங்க போகும்னு இதுல ஒண்ணும் இல்லியே.”

முதல் கேள்விக்குறி ‘இலவசமாக’ என்ற சொல்லின் பக்கத்தில். விசாரித்தபோதுதான் தெரிந்தது, ஸ்டுடியோக்காரர் பணம் வாங்காததற்குப் பதிலாக வீடியோவைத் தன்னுடைய யூடியூப் சேனலில் போட்டுக்கொள்வார். கல்யாண வீடியோத் தொழிலில் இது சாதாரணம், அவர் எதையும் மறைக்கவும் இல்லை. ஆனால் அப்படிப் போட்டால் அது யார் வேண்டுமானாலும் பார்க்கும் பொது வீடியோ. அதை நீக்கச் சொல்லப் பள்ளிக்குப் பிடி இருக்காது.

இரண்டாவது கேள்விக்குறி ‘பகிர’ என்பதன் பக்கத்தில். எதன் வழியாக, யாருக்கு, எவ்வளவு காலம்? மூன்றாவது ‘பெற்றோர்களுக்கு’ என்பதன் பக்கத்தில். தன் பிள்ளை வீடியோவில் வர வேண்டாம் என்று ஒரு பெற்றோர் சொன்னால் என்ன செய்வீர்கள்?

நான்காவதாக ஒன்று இருந்தது. அதை அவர் தாளில் குறிக்கவில்லை. கழகத் தலைவரிடமும் வகுப்பாசிரியர்களிடமும் மட்டும் தனியாகச் சொன்னார்: இல்லத்துப் பிள்ளைகள்.

என்ன கவனித்தோம்

உட்கார்ந்து பேசியபோது முதலில் தெளிவானது, இந்தக் கடிதத்துக்குள் இரண்டு வேண்டுகோள்கள் இருக்கின்றன என்பது. பள்ளி வளாகத்தில் கேமரா வைக்க அனுமதி ஒன்று. அதைத் தலைமையாசிரியர் கொடுக்கலாம். உதவி பெறும் பள்ளி என்பதால் தாளாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வார், அவ்வளவுதான். எடுத்த படத்தை மற்றவர்களிடம் கொடுப்பது இன்னொன்று. ஒரு பிள்ளையின் முகத்தைப் பிறர் கைபேசிக்கு அனுப்பலாம் என்று அந்தப் பிள்ளையின் பெற்றோர்தான் சொல்ல முடியும். தலைமையாசிரியர் எல்லோருக்கும் சேர்த்துச் சம்மதம் சொல்ல முடியாது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தனிப்பட்ட விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்று 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சொல்கிறது. அந்தச் சட்டம் கட்டம் கட்டமாகத்தான் நடைமுறைக்கு வருகிறது என்றாலும், பள்ளி தன் பழக்கத்தை இப்போதே மாற்றிக்கொள்வது நல்லது என்பது தலைமையாசிரியரின் எண்ணம்.

இல்லத்துப் பிள்ளைகள் விஷயம் இதைவிடக் கடினம். பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளிப்படுத்தக் கூடாது, படத்தை வெளியிடக் கூடாது என்பது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆவது பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அனுமதி தரும் அதிகாரம் அந்தக் குழந்தையைப் பற்றி விசாரிக்கும் குழந்தைகள் நலக் குழுவிடம் இருக்கிறது, அதையும் காரணம் எழுதித்தான் கொடுக்க வேண்டும். இல்லத்தின் பொறுப்பாளர் ‘சரி, எடுத்துக்கோங்க’ என்று சொன்னால் போதாது. அந்தப் பிரிவு விசாரணை பற்றிய செய்திகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது, பள்ளி விழா வீடியோவுக்கு அது பொருந்துமா என்று வாதாடலாம். வாதாடும் இடத்தில் தன் பள்ளி நிற்கக் கூடாது என்று தலைமையாசிரியர் நினைத்தார். எனக்கும் அது சரியாகவே பட்டது. சட்டத்தை விடுங்கள், ஒரு பிள்ளை எந்தக் காரணத்துக்காக இல்லத்துக்கு வந்தது, யார் கண்ணில் படக் கூடாது என்பது பள்ளிக்கே முழுதாகத் தெரியாது.

பாட்டு இன்னொரு சிக்கல். ஆசிரியர்களும் மாணவர்களும் பெற்றோர் முன்னிலையில் நடத்தும் பள்ளி நிகழ்ச்சியில் சினிமாப் பாட்டைப் போட்டு ஆடுவதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆவது பிரிவில் விலக்கு உண்டு. அந்த விலக்கு விழா மைதானத்தோடு முடிந்துவிடும். அதே ஆட்டத்தை இணையத்தில் ஏற்றினால் பாட்டின் உரிமைக்காரர் கோரிக்கை வைப்பார், ஒலி அடைபடலாம், சில நாடுகளில் வீடியோவே தெரியாமல் போகலாம். வளைகுடாவில் இருக்கும் அப்பாவுக்காக எடுத்த வீடியோ அங்கே மட்டும் திறக்கவில்லை என்றால் என்ன பயன்?

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஸ்டுடியோக்காரருக்குக் கழக நிதியிலிருந்து 6,000 ரூபாய் கொடுப்பது என்று முடிவானது. பெற்றோரிடம் வசூல் இல்லை. வீடியோவைத் தன் சேனலிலோ விளம்பரத்திலோ பயன்படுத்த மாட்டேன், மெமரி கார்டில் உள்ளதைப் பள்ளியில் ஒப்படைத்துவிட்டு என் கணினியில் அழித்துவிடுவேன் என்று அவரிடம் எழுதி வாங்கினோம். ட்ரோன் பறக்க விடலாமா என்று ஒருமுறை கேட்டார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்.

எதன் வழியாகப் பகிர்வது என்பதில்தான் அதிக நேரம் போனது. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுவதுதான் எல்லோருக்கும் சுலபம். ஆனால் படத்தின் தரம் குறையும், அடுத்த நிமிடமே வேறு குழுக்களுக்குப் போகும், போனதைத் திரும்பப் பெற வழியில்லை. யூடியூபில் `Private` என்று வைத்தால் பார்ப்பவர் ஒவ்வொருவரின் மின்னஞ்சலையும் சேர்க்க வேண்டும். பாட்டிகளிடம் மின்னஞ்சல் கேட்டுக்கொண்டு போக முடியாது. கடைசியில் `Unlisted` என்ற வகையைத் தேர்ந்தெடுத்தோம். தேடினால் வராது, இணைப்பு கையில் இருப்பவர் மட்டும் பார்க்கலாம். அந்த இணைப்பையும் ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பலாம்தான். ஆனால் மூலம் ஒரே இடத்தில் இருக்கிறது. அதை மூடினால் எல்லா இணைப்பும் செத்துவிடும். வாட்ஸ்அப்பில் இல்லாத அந்த ஒரு வசதிக்காகவே இது.

விழா முழுவதையும் ஒரே வீடியோவாகப் போடாமல் நிகழ்ச்சி ஒவ்வொன்றையும் தனியாக ஏற்றுவது என்றும் தீர்மானித்தோம். ஏதாவது ஒன்றை மூட வேண்டி வந்தால் மற்றவை பாதிக்காது. தலைப்பில் பள்ளியின் பெயரோ, பிள்ளைகளின் பெயரோ, வகுப்போ இருக்காது. ‘நிகழ்ச்சி 1’, ‘நிகழ்ச்சி 2’ என்று மட்டும். குழந்தைகளுக்கானது என்று குறித்துவிட்டால் கீழே கருத்து எழுதும் பகுதி தானாக அடைபட்டுவிடும். கணக்கு பள்ளியின் பெயரில் இருக்கும். கடவுச்சொல் தலைமையாசிரியரிடமும் கணினி பார்க்கும் டீச்சரிடமும். 45 நாள் கழித்து எல்லாவற்றையும் அழித்துவிடுவது.

கடலில் இருப்பவர்களுக்கு இணைப்பு உதவாது. அவர்கள் வீட்டார் பென்டிரைவ் கொண்டுவந்தால் அலுவலகத்தில் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஏற்றிக் கொடுப்பது என்று வைத்தோம். இங்கேயும் நிகழ்ச்சிவாரியாகப் பிரித்தது கைகொடுத்தது. பெரும்பாலான பென்டிரைவ்கள் FAT32 முறையில் இருக்கும், அதில் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்ற முடியாது. முழு விழாவையும் ஒரே கோப்பாக வைத்திருந்தால் பாதி வீடுகளில் ‘ஏறவில்லை’ என்று திரும்ப வந்திருப்பார்கள்.

இல்லத்துப் பிள்ளைகளை எப்படிக் காப்பது என்பதற்குப் பல யோசனைகள் வந்தன. கடைசி வரிசையில் நிறுத்தலாம் என்றார் ஒருவர். அது அவர்களுக்குச் செய்யும் அநியாயம். முகத்தை மங்கலாக்கலாம் என்றார் இன்னொருவர். இடம் மாறி மாறி ஆடும் குழு நடனத்தில் அது நாள்கணக்கான வேலை, ஒரு நொடி தவறினாலும் வீண். தவிர, மங்கலான முகம்தான் எல்லோர் கண்ணையும் இழுக்கும். கடைசியில் அவர்கள் இருக்கும் நிகழ்ச்சிகளைப் படமே பிடிப்பதில்லை என்று தீர்மானித்தோம். பிள்ளைகள் எப்போதும்போல் ஆடுவார்கள், கேமரா மட்டும் நிற்கும். பாட்டு உரிமைச் சிக்கல் வரும் என்று தோன்றிய ஒரு நிகழ்ச்சியையும் அதே பட்டியலில் சேர்த்தோம். எது எந்தக் காரணத்துக்காக விடப்பட்டது என்று யாருக்கும் சொல்வதில்லை. பட்டியல் மட்டும் முன்கூட்டியே அறிவிக்கப்படும்.

அந்த நிகழ்ச்சிகளில் ஆடும் மற்ற பிள்ளைகளின் பெற்றோர் ஏமாந்துபோவார்கள் அல்லவா? ஆடை அலங்காரம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் ஒரு வகுப்பறையில் தங்கள் பிள்ளையை மட்டும் தனியாகப் படம் எடுத்துக்கொள்ள அவர்களுக்கு நேரம் ஒதுக்கினோம். முழுமையான ஈடு இல்லை. அதைவிட நல்ல வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

திருத்திய கடிதம்

இவ்வளவும் முடிவான பிறகு கடிதம் தானாக எழுதப்பட்டுவிட்டது. பெயரும் ஊரும் நீக்கி அப்படியே தருகிறேன்.

> அனுப்புநர்
> (பெயர்), 4ஆம் வகுப்பு மாணவியின் தாய், (முகவரி).
>
> பெறுநர்
> தலைமையாசிரியர் அவர்கள், (பள்ளி), கன்னியாகுமரி மாவட்டம்.
>
> வழி: தலைவர், பெற்றோர் ஆசிரியர் கழகம்.
>
> மதிப்பிற்குரிய ஐயா,
>
> பொருள்: ஆண்டு விழா நிகழ்ச்சிகளைப் படம்பிடிக்கவும், சம்மதம் தந்த பெற்றோருக்கு மட்டும் பகிரவும் அனுமதி வேண்டுதல் – தொடர்பாக.
>
> நம் பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் பலர் கடலிலும் வெளிநாட்டிலும் வேலை செய்வதால் ஆண்டு விழாவுக்கு வர இயலுவதில்லை. அவர்கள் பார்ப்பதற்காக இந்த ஆண்டு விழாவைக் கீழ்க்கண்ட ஏற்பாட்டின்படி பதிவு செய்ய விரும்புகிறோம்.
>
> ஒரே ஒரு கேமரா, பார்வையாளர்களுக்குப் பின்னால், நடுவில், தாங்கியில் நிறுத்தப்படும். படம் எடுப்பவருக்குக் கழக நிதியிலிருந்து ஊதியம் தரப்படும். பதிவைத் தம் சொந்தப் பயன்பாட்டுக்கு எடுக்க மாட்டேன் என்ற அவருடைய உறுதிக் கடிதம் இணைக்கப்பட்டுள்ளது. ஒப்பனை அறையிலும் மேடைக்குப் பின்னாலும் அவர் படம் எடுக்க மாட்டார்.
>
> பெற்றோர் ஒவ்வொருவரிடமும் வகுப்பாசிரியர் மூலம் சம்மதச் சீட்டு பெறப்படும். சீட்டு திரும்பி வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே கொள்ளப்படும். தாங்கள் குறித்துத் தரும் நிகழ்ச்சிகள் படம்பிடிக்கப்பட மாட்டா. காரணம் கேட்க மாட்டோம்.
>
> பகிர்வதற்கு முன் முழுப் பதிவையும் தாங்களோ தாங்கள் நியமிக்கும் ஆசிரியரோ பார்த்து ஒப்புதல் தர வேண்டுகிறோம். பதிவு பள்ளியின் கணக்கில், தேடலில் வராத வகையில் ஏற்றப்பட்டு, 45 நாளில் நீக்கப்படும். ஏதேனும் ஒரு பெற்றோர் இடையில் நீக்கக் கேட்டால் அந்த நிகழ்ச்சி அன்றே மூடப்படும்.
>
> இந்த ஏற்பாட்டில் தாங்கள் செய்ய விரும்பும் மாற்றங்களுடன் அனுமதி வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு,
> (கையொப்பம்)
>
> இணைப்பு: படம் எடுப்பவரின் உறுதிக் கடிதம், சம்மதச் சீட்டின் மாதிரி.

சம்மதச் சீட்டில் இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக வைத்தோம். ‘என் பிள்ளை விழாப் பதிவில் இடம்பெறலாம்: ஆம் / வேண்டாம்.’ ‘அந்தப் பதிவை இப்பள்ளியின் மற்ற பெற்றோருக்குக் கொடுக்கலாம்: ஆம் / வேண்டாம்.’ கீழே, ‘எனக்குக் கிடைக்கும் இணைப்பையோ பதிவையோ குடும்பத்துக்கு வெளியே பகிர மாட்டேன்’ என்று ஒரு வரி, கையெழுத்து. காரணம் எழுத இடம் விடவில்லை. இடம் இருந்தால் எழுதியாக வேண்டும் என்று சிலர் நினைப்பார்கள்.

தலைமையாசிரியர் தாளாளரிடம் காட்டிவிட்டு ஜனவரி கடைசியில் அனுமதி கொடுத்தார். ஒரே ஒரு வரியைத் தன் கைப்பட சேர்த்திருந்தார்: படம் எடுப்பவர் விழா நேரம் முழுவதும் ஓர் ஆசிரியரின் கண்பார்வையில் இருக்க வேண்டும்.

சீட்டுகள் வந்த விதம்

எதிர்பார்த்ததைவிட மெதுவாகத்தான் வந்தன. பாட்டி வளர்க்கும் பிள்ளைகளுக்கு யார் கையெழுத்துப் போடுவது என்ற கேள்வி வந்தது. சேர்க்கைப் பதிவேட்டில் பாதுகாவலராக யார் பெயர் இருக்கிறதோ அவர் கையெழுத்துடன், வெளிநாட்டில் இருக்கும் அம்மாவோ அப்பாவோ வகுப்பாசிரியருக்கு ஒரு குரல்பதிவு அனுப்பினால் போதும் என்று வைத்துக்கொண்டோம். வராத சீட்டுகளுக்கு டீச்சர்கள் வீட்டுக்குப் போன் செய்து நினைவூட்டினார்கள். ஆனால் போனில் சொன்ன ‘ஆம்’ கணக்கில் எடுக்கப்படவில்லை.

ஒரு சீட்டில் இரண்டு கேள்விக்கும் ‘வேண்டாம்’ என்று இருந்தது. யாரும் கேட்காமலேயே அந்த அம்மா வகுப்பாசிரியரிடம் வந்து, பிள்ளையோடு தான் இருக்கும் ஊர் சிலருக்குத் தெரியக் கூடாது என்று சொன்னார். அந்தப் பிள்ளை வரவேற்புப் பாட்டுக் குழுவில் இருந்தது. பாடுபவர்கள் இடம் மாறாமல் நிற்பதால் இது சுலபம். உயரமான பிள்ளை என்பதால் எப்படியும் ஓரத்தில்தான் நிற்கும்; கேமராவின் சட்டகம் அதற்கு முன்னாலேயே முடிந்தது. குழு நடனத்தில் செய்ய முடியாததை இங்கே செய்ய முடிந்தது.

விழா மாலை

படப்பிடிப்பு அமைதியாக நடந்தது. ஒலியைக் கேமராவின் சொந்த மைக்கில் எடுக்காமல் மைக்செட்காரரின் மிக்சரிலிருந்து வயர் இழுத்து எடுத்தோம். விசில் சத்தமும் அழும் குழந்தைகளும் அடங்கின. அது மட்டும் போதாது, கேமரா மைக்கையும் ஒரு பக்கம் ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கைதட்டலே இல்லாத விழாவாகிவிடும் என்று ஸ்டுடியோக்காரர் சொல்லி அப்படியே செய்தார்.

பட்டியலில் உள்ள நிகழ்ச்சிகள் வந்தபோது அவர் கேமராவை நிறுத்தி, லென்ஸ் மூடியைப் போட்டு, ஓரமாகத் தள்ளி நின்றார். பக்கத்தில் நின்ற ஆசிரியர் நிகழ்ச்சி நிரலில் நேரத்தைக் குறித்துக்கொண்டார்.

தொகுப்பாளர் தொடக்கத்தில், பள்ளி சார்பில் பதிவு செய்யப்படுகிறது, எல்லோருக்கும் கிடைக்கும், தயவுசெய்து எழுந்து நின்று படம் எடுக்க வேண்டாம் என்று அறிவித்தார். பெரும்பாலானவர்கள் உட்கார்ந்தே இருந்தார்கள். கைபேசிகள் குறைந்தன. மறைந்துவிடவில்லை.

பகிர்ந்த பிறகு

கணினி டீச்சர் எல்லா நிகழ்ச்சிகளையும் பார்த்த பிறகு ஏற்றினார். ஏற்றும்போதே யூடியூப் `Checks` என்ற கட்டத்தில் பாட்டு உரிமையைச் சோதித்துக் காட்டும். இரண்டு நடனங்களுக்குக் கோரிக்கை வந்தது. ஒன்று எல்லா நாட்டிலும் பார்க்கலாம் என்று இருந்ததால் அப்படியே விட்டோம். மற்றது தடைபட்டது; அதைப் பென்டிரைவில் மட்டும் கொடுத்தோம். இணைப்புகளை வகுப்புக் குழுவில் போடாமல், சீட்டில் ‘ஆம்’ சொன்ன ஒவ்வொருவரின் எண்ணுக்கும் வகுப்பாசிரியர் தனித்தனியாக அனுப்பினார்.

சில நாளில் பிரச்சனை வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருவரின் அம்மா கைபேசியைக் கொண்டுவந்து டீச்சரிடம் காட்டினார். இன்ஸ்டாகிராமில், யார் வேண்டுமானாலும் பார்க்கும் கணக்கில், நம் மேடையின் நடனம் ஒன்று ரீல்ஸாக ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியின் பெயர் எழுதிய பதாகை பின்னால் தெளிவாகத் தெரிந்தது.

முதலில் எல்லோரும் இணைப்பு கசிந்துவிட்டது என்றே நினைத்தார்கள். ஸ்டுடியோக்காரர் மேல்கூட ஒரு கணம் சந்தேகம் போனது. பார்த்ததும் தலைமையாசிரியருக்குப் புரிந்துவிட்டது. நம் கேமரா நடுவில், உயரத்தில், தாங்கியில் நின்றது. இந்தப் படம் இடது பக்கத்திலிருந்து, தாழ்வாக, முன்னால் இரண்டு தலைகள் தெரிய, கை நடுக்கத்தோடு எடுக்கப்பட்டிருந்தது. அதைவிட முக்கியமாக, அது நாங்கள் படம்பிடிக்காமல் விட்ட நடனம். இல்லத்துப் பிள்ளைகள் அதில் இருந்தார்கள்.

கூட்டத்தில் இருந்த ஒருவருடைய கைபேசி அது. ஆடிய பிள்ளை ஒன்றின் சித்தி, ஆசையாகப் போட்டிருக்கிறார். அவர் பெற்றோர் இல்லை. சீட்டு அவரிடம் போகவே இல்லை. எதிலும் கையெழுத்துப் போடவில்லை. வகுப்பாசிரியர் போன் செய்து, “பள்ளியில சில பிள்ளைகளோட படம் வெளியே வரக் கூடாதுன்னு இருக்கு, எடுத்துருங்க” என்று மட்டும் சொன்னார். எந்தப் பிள்ளைகள் என்று சொல்லவில்லை. அவர் அப்போதே நீக்கிவிட்டு வருத்தமும் தெரிவித்தார். தலைமையாசிரியர் இல்லத்தின் பொறுப்பாளருக்கு அன்றே நேரில் போய்த் தகவல் சொன்னார், எழுத்திலும் கொடுத்தார். நாங்கள் விசாரித்தவரை அதற்குமேல் எதுவும் நடக்கவில்லை. அந்த ரீல்ஸ் இருந்த நாள்களில் யார் பார்த்தார்கள் என்பதற்குப் பதில் இல்லை.

நம் பக்க ஏற்பாடு ஒருமுறைதான் சோதனைக்கு வந்தது. ஒரு மாணவியின் அப்பா வெளிநாட்டிலிருந்து அழைத்து, மகள் தனியாக ஆடியதை நீக்கச் சொன்னார். அம்மா சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். யார் சொல்வதைக் கேட்பது என்று விவாதிக்காமல், ‘வேண்டாம்’ என்பது ஒருவரிடமிருந்து வந்தாலும் போதும் என்று அந்த ஒரு நிகழ்ச்சியை `Private` ஆக்கினார்கள். இணைப்பு அந்த நிமிடமே வேலை செய்யாமல் போனது. மற்ற நிகழ்ச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

45 நாள் முடிந்ததும் கணக்கிலிருந்த எல்லாம் அழிக்கப்பட்டன. விஷு, ஈஸ்டர் விடுமுறைக்கு வந்த சிலர் அப்புறம் கேட்டார்கள். அவர்களுக்குப் பென்டிரைவ் வழி திறந்திருந்தது.

அடுத்த முறை மாறப்போவது

கடிதம் ஒரு கேமராவுக்கு மட்டும் கட்டுப்பாடு கேட்டது. கூட்டத்தில் இருந்த கைபேசிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. தொகுப்பாளரின் அறிவிப்பும் ‘எழுந்து நிற்காதீர்கள்’ என்பதோடு நின்றுவிட்டது. அடுத்த ஆண்டுக் கடிதத்தில் இன்னொரு வேண்டுகோள் சேரும்: அழைப்பிதழிலேயே, விழாவில் எடுக்கும் படங்களில் மற்றவர் பிள்ளைகள் இருந்தால் பொதுவில் போடக் கூடாது என்று அச்சிட வேண்டும், படம்பிடிக்கப்படாத நிகழ்ச்சிகளுக்கு முன் தொகுப்பாளர், ‘இதைக் கண்ணால் மட்டும் பார்ப்போம், கைபேசிகளை மடியில் வைப்போம்’ என்று சொல்ல வேண்டும். பட்டியலில் பாட்டுக்காக விடப்பட்ட நிகழ்ச்சியும் கலந்திருப்பதால், இந்த அறிவிப்பு எந்தப் பிள்ளையையும் சுட்டிக்காட்டாது.

மேடைப் பின்னணிப் பதாகையில் பள்ளியின் பெயரும் ஊரும் வேண்டாம், ‘ஆண்டு விழா’ என்பது மட்டும் போதும் என்றும் தலைமையாசிரியர் சொல்லியிருக்கிறார். தாளாளருக்கு இதில் அவ்வளவு விருப்பம் இல்லை. நன்கொடையாளர் பெயர்களும் அதே பதாகையில்தான் வரும்.

கடிதம் கொடுக்கும் நேரமும் மாற வேண்டும். ஜனவரியில் கொடுத்தால் சீட்டு வாங்கவே நாள் போதாது. அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே கொடுத்தால் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வரும் அப்பாக்களிடமே கையெழுத்து வாங்கலாம். பாட்டியின் கையெழுத்தும் குரல்பதிவுமாக அலைய வேண்டாம்.

குழு நடனம்தான் இன்னும் தீரவில்லை. விடப்பட்ட நடனங்களில் ஆடிய பிள்ளைகளின் பெற்றோர் கழகக் கூட்டத்தில் அதைக் கேட்டார்கள். வகுப்பறையில் எடுத்த தனிப்படம் அவர்களுக்குப் போதவில்லை. இல்லத்துப் பிள்ளைகளை எல்லாம் ஒரே நிகழ்ச்சியில் சேர்த்துவிட்டால் மற்றவற்றைத் தாராளமாக எடுக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். நடனம் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் உடனே மறுத்தார்: வகுப்புப் பிள்ளைகளோடு பிள்ளைகளாக ஆடுவதற்குத்தான் அவர்கள் மேடை ஏறுகிறார்கள். அதை மாற்றுவதில்லை என்று கூட்டத்தில் முடிவானது. குழந்தைகள் நலக் குழுவிடம் முறைப்படி எழுதிக் கேட்கலாமா என்று தலைமையாசிரியர் இல்லத்தின் பொறுப்பாளரோடு பேசிக்கொண்டிருக்கிறார்.